பைவாருக்கு நிழல் வைத்தவள்

என் மருமகள் ஸ்டுடியோவில் படம் திருத்துகிறவள். பஸ்ஸில் ஏறினால் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். பை மாட்டிய தோளைத்தான் பார்ப்பாள். ஒருநாள் அடி வாங்கப்போகிறாய் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

படத்தில் பையின் வாரை ஒட்டுவது பெரிய வித்தை இல்லையாம். அது அழுத்துவது துணியில் தெரிய வேண்டுமாம். வார் இறுக்குமிடத்திலிருந்து மடிப்பு சாய்வாகக் கிளம்ப வேண்டும், துணியில் இருக்கும் கோடும் அங்கே வளைய வேண்டும். உடம்போடு ஒட்டிய இடத்தில் நிழல் நூல்மாதிரி. விலகி நிற்குமிடத்தில் அகன்று மங்கும்.

அன்று ஸ்டுடியோவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது ஒருவன் உட்கார்ந்திருந்தான். மனைவியைக் காணோம், ஒரு வாரமாயிற்று என்றான். அவள் படத்தைக் காட்டி, கோடு போட்ட இந்தச் சுடிதாரில்தான் போனாள், பழுப்புத் தோல்பையை மாட்டிக்கொண்டு என்றான். நோட்டீஸுக்குப் படத்தில் அந்தப் பையும் வேண்டும். முந்தின நாள் அவன் வந்தபோதே மருமகள் மாதிரிக்கு ஒரு பை கேட்டிருந்தாள். அதேபோல் புதிதாக வாங்கினேன் என்று ஒன்றை நீட்டினான்.

படம் வெயிலில் எடுத்தது, வெளிச்சம் இடப்பக்கம். அதனால் என்னைச் சேலைமேல் ஸ்டுடியோவிலிருந்த கோடு போட்ட சட்டையைப் போடச்சொல்லி, பையைக் குறுக்கே மாட்டி, கனத்துக்கு இரண்டு புத்தகம் வைத்து, வாசல் வெயிலில் நிறுத்தினாள். அவன் கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வாரின் நீளத்தைச் சரிசெய்யக் கொக்கியைத் தொட்டவள் அப்படியே நின்றாள். நாலாவது ஓட்டை இழுபட்டு நீண்டிருந்தது. அந்த இடத்தில் தோல் வெடித்து, கொக்கியில் ஒரு நீள முடி சுற்றியிருந்தது.

கேமராவை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "சிரிச்ச மாதிரி நில்லுங்க அத்தை. இது புதுசு இல்ல. அந்தப் பொண்ணு வருஷக்கணக்கா மாட்டினது."

பையோடு போனவளின் பை இவனிடம் எப்படி?

"வெளிச்சம் பத்தல, மூலைவரைக்கும் நடந்து பாருங்கன்னு சத்தமாச் சொல்றேன். நீங்க பையோட நேரா ஸ்டேஷனுக்குப் போயிடுங்க."

"உன்னத் தனியா விட்டுட்டு நான் போகமாட்டேன்."

"ரெண்டு பேரும் போனா அவன் போயிடுவான். அப்புறம் அந்தப் பொண்ண யார் தேடுறது?"

நான் பிடிவாதக்காரி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவளிடம் அது பலிக்கவில்லை. அவள் சத்தமாகச் சொன்னாள்; நான் நடந்தேன்.

மூலையில் திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் உள்ளே போய் வாருக்கு நிழல் வைத்துக்கொண்டிருந்தாள். வைப்பாள், அழிப்பாள், மறுபடி வைப்பாள். அவன் நாற்காலியை விட்டு எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான். பையைக் காணோமே என்பதுபோல் தெருவைப் பார்த்தான். பிறகு கதவை உள்ளிருந்து சாத்தினான்.

வார் என் தோளை அறுத்தது. முழங்கால் வலியை மறந்து ஓடினேன்.