பழமொழி போடாத மேடை

அவளுக்கு ரெட்டைவாய் என்று பெயர் வைத்தவன் அவளுடைய தம்பி. மேடையில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் பேசி நிறுத்த, சூடு ஆறுவதற்குள் அவள் அதைத் தமிழில் சொல்ல, ஒரே பேச்சுக்கு இரண்டு வாய் என்று அவன் செய்த கேலி அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

பெருமைப்படக் காரணமும் இருந்தது. தொழிற்சாலையோ வங்கியோ கல்லூரியோ, ஊக்கமூட்டும் பேச்சு எங்கே நடந்தாலும் மொழிபெயர்க்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த மாதிரிப் பேச்சாளர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நடுநடுவே பழமொழி சொல்லாவிட்டால் மூச்சு முட்டிவிடும். மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் அந்த இடத்தில் திருதிருவென்று விழிப்பார்கள். இவளோ, அவர் தன் ஊர்ப் பழமொழியைச் சொல்லி முடிப்பதற்குள் அதற்கு ஈடாக நம்முடையது ஒன்றைத் தயாராக வைத்திருப்பாள். எடுத்து வீசினால் கூட்டம் கைதட்டும். பேச்சாளர் அது தன் பழமொழிக்குக் கிடைத்த கைதட்டல் என்று நினைத்துக் குனிந்து வணங்குவார். பாவம், நினைத்துவிட்டுப் போகட்டும்.

இந்தச் சாமர்த்தியம் கொஞ்சமும் செல்லுபடியாகாத இடம் ஒன்று உண்டு. அது அவள் வீட்டுப் பின்னறை.

தம்பி லாரி ஓட்டியவன். வழியில் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆகிவிட்டது. புண் ஆறியது. செயற்கைக்கால் செய்து கொடுத்தார்கள். சில நாள் மாட்டி நடந்தான். பிறகு லொடலொட என்று ஆடுகிறது, உராய்கிறது என்று கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். பயிற்சிக்கும் முழுக்குப் போட்டான். போகிற இடமெல்லாம் நாலு பேரைச் சிரிக்கவைத்தவன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். அதைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

செயற்கைக்கால் மையத்தில் ஒரு பேச்சு ஏற்பாடாகி, மொழிபெயர்க்க அவளைக் கூப்பிட்டபோது பின்னறைக்கு ஓடினாள்.

“டேய், பேச வர்றவருக்கும் ஒரு கால் கிடையாதாம். உன்னை மாதிரியே முழங்காலுக்குக் கீழே. ஒரே ஒரு தடவை வந்து கேளேன்.”

“யார் மொழிபெயர்க்கிறது? நீயா?”

“நான்தான்.”

“அப்போ ஒரு நிபந்தனை. ஒரு பழமொழி வாயிலேருந்து வந்துது, அந்த நிமிஷமே எழுந்து போயிடுவேன்.”

“நீ எழுந்து போனா எனக்கு அதுவே போதும்டா.”

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை அவசரமாக விழுங்கிக்கொண்டான்.

“விளையாடாதேக்கா. பார்க்க வந்தவங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு ஆப்பிளும் ஒரு பழமொழியும் குடுத்துட்டுப் போனாங்க. ஆப்பிளையாவது உன் பிள்ளைங்க தின்னுச்சுங்க. பழமொழியை நான் என்ன பண்றது?”

ஆப்பிள் எண்ணிக்கையில் வேண்டுமானால் மற்றவர்கள் முந்தியிருக்கலாம். பழமொழியில் அவளை யாரும் நெருங்கக்கூட முடியாது.

வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆனால் தொழில் தொழில்தானே. பேச்சாளருக்குத் தெரியாமல் அவருடைய பேச்சில் கைவைக்க முடியாது. அன்று காலை மையத்தின் டீ அறையில் அவரைப் பிடித்தாள். நரைத்த தாடியும் கலகல சிரிப்புமாக இருந்த மனிதர், பேச்சின் குறிப்பை அவளிடம் நீட்டினார். புரட்டிப் பார்த்தாள். பக்கத்துக்குப் பக்கம் பழமொழி. தலை சுற்றியது.

“இதுக்கெல்லாம் எங்க பழமொழியைப் போடாம, உங்களோடதையே விளக்கிச் சொல்லலாம்னு இருக்கேன். கொஞ்சம் நீளும். நீங்க கூடுதலா நிறுத்தணும்” என்று அவர் மொழியில் சொன்னாள்.

“நீளட்டும், ஆனா தூங்கிடப் போறாங்க” என்றார் அவர்.

அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். பேச்சு தொடங்கியதும் அதுதான் நடந்தது. பயிற்சிக்கூடத்தையே அரங்கமாக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். ஊன்றுகோல்கள் சுவரில் சாய்ந்திருந்தன. கடைசி வரிசையில் கதவோரமாக, எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தோதாக, தம்பி. அவன் கை ஊன்றுகோலை விட்டு நகரவில்லை.

முதல் பழமொழி வந்தது. பொறுமையைப் பற்றியது. அதில் வரும் மரம் என்ன மரம், அதை அங்கே எதற்கு வளர்க்கிறார்கள், ஆகவே இதன் கருத்து என்ன என்று பாடம் நடத்துகிற மாதிரி விளக்கினாள். அவர் ஒரு மூச்சில் சொன்னதை இவள் ஒரு பத்தி சொன்னாள். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். இரண்டாவது, நாயை வைத்து ஒரு வேடிக்கைப் பழமொழி. அதையும் விளக்கினாள். விளக்கிய நகைச்சுவைக்கு யார் சிரிப்பார்கள்? பேச்சாளர் சிரிப்புக்காகக் காத்திருந்தார், வரவில்லை, இருமிவிட்டு மேலே போனார். ரெட்டைவாய் இத்தனை வருஷம் கட்டிய பேர் ஒரே காலையில் கப்பலேறுகிறதே!

மூன்றாவது வந்தபோது பழைய பழக்கம் முந்திக்கொண்டது. அவளிடம் இருப்பதிலேயே பிரமாதமான பழமொழி ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வங்கிக் கூட்டத்தில் கைதட்டல் வாங்கித் தந்த சரக்கு. உதட்டைத் திறந்த பிறகுதான் உறைத்தது, அதில் நொண்டி ஒருவன் வருகிறான். சாக்குச் சொல்கிற ஆளாக வருகிறான். இந்தக் கூடத்தில், இத்தனை ஊன்றுகோல்களுக்கு நடுவே! நல்லவேளை, கடித்து நிறுத்தினாள். கதையும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம் என்று, “முதல் நாள் எல்லாருக்கும் பயம் இருக்கும், எனக்கும் இருந்துச்சுன்னு சொல்றார்” என்று வெறும் பொருளை மட்டும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மூச்சு விட்டாள். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அட, சில பழமொழிக்கு இதுவே போதும் போலிருக்கிறது.

பிறகுதான் படகு வந்தது. பேச்சாளரின் ஊரில் படகையும் வறண்ட ஆற்றையும் சேர்த்து ஒரு பழமொழி. அவர் சொல்லி நிறுத்தினார். இதற்கு ஈடான தமிழ்ப் பழமொழி அவளிடம் இருந்தது. கருத்து அச்சு அசல் அதே, ஓசையும் அழகு. சோர்ந்து கிடக்கும் கூட்டத்தை ஒரே வீச்சில் தூக்கி நிறுத்தும். கடைசி வரிசையைப் பார்த்தாள். தம்பி ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அக்காவின் முகம் தெரியும். பழமொழி வரப்போகிற முகம்.

அவள் அதை விழுங்கினாள். இந்தத் தடவை பாடம் நடத்தவில்லை. கருத்தைக் கடைசியில் ஒட்டவும் இல்லை. கண்முன் பார்த்ததைப் போல, பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் மாதிரி சொன்னாள்.

“இவங்க ஊர் ஆத்துல சில மாசம் தண்ணி வத்திடுமாம். படகு ஓடாது. அப்போ படகுக்காரங்க படகைக் கரைக்கு இழுத்து, கவுத்துப் போட்டு, ஒக்காந்து ஓட்டை அடைப்பாங்களாம்.”

அவ்வளவுதான். நிறுத்திவிட்டாள். பேச்சாளர் அடுத்த வாக்கியத்துக்கு வாயெடுத்தார்.

“எதை வெச்சு அடைப்பாங்க?” என்று ஒரு குரல் கேட்டது.

கூட்டமே திரும்பிப் பார்த்தது. தம்பி. எத்தனையோ நாளுக்குப் பிறகு, வெளியாளிடம் அவனாகக் கேட்ட கேள்வி. அவள் அவசரமாகக் கேள்வியைப் பேச்சாளரிடம் சேர்த்தாள்.

அவருக்கு முகமெல்லாம் பல். குறிப்பை மடித்துப் பையில் போட்டுவிட்டார். என் அப்பா படகுக்காரர்தான் என்று ஆரம்பித்தார். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளி வைத்துத் தட்டித் திணிப்போம், மேலே தார் காய்ச்சிப் பூசுவோம் என்றார். வெயிலில் கிடந்தால் பலகை காய்ந்து சுருங்கும், இடுக்கு விடும், திரும்பத் தண்ணீரில் இறக்கின புதிதில் ஒழுகத்தான் செய்யும், பலகை தண்ணீர் குடித்து ஊறியதும் நின்றுவிடும் என்றார். அவள் மூச்சுவிடாமல் தமிழில் கொட்டினாள். இப்போது யாரும் கொட்டாவி விடவில்லை.

“அப்போ ஒழுகுறதுக்காக யாரும் படகைத் தூக்கிப் போட மாட்டாங்க?” என்றான் தம்பி.

அவள் மொழிபெயர்த்தாள். பேச்சாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கால்சட்டையைச் சுருட்டி, செயற்கைக்காலைக் கழற்றினார். மீதிக்காலில் போட்டிருந்த துணி உறைகளை ஒவ்வொன்றாக உருவி, கட்சிக்காரர் கொடியைக் காட்டுவதைப் போல உயர்த்திக் காட்டினார். கூடம் சிரித்தது.

“என் காலும் சுருங்குச்சு. காலை நுழைக்கிற கிண்ணம் முதல்ல கச்சிதமா இருந்துச்சு, அப்புறம் லொடலொடன்னு ஆடுச்சு. செஞ்சவங்களை நல்லாத் திட்டினேன். ஆட ஆட ஒரு உறை கூட்டிக்கணும். உறை ரொம்பப் பெருத்துட்டா, கிண்ணத்தையே மாத்திச் செஞ்சுக்கணும்.”

“இதைத்தானே நான் போன் பண்ணிப் பண்ணிச் சொன்னேன்!” என்று ஓரத்தில் நின்ற பெண் தம்பியைப் பார்த்துப் பொங்கினாள். கால் அளவெடுத்துச் செய்கிறவள் அவள்தான்; எல்லோரும் கால்காரம்மா என்பார்கள். “நீங்க எடுத்தாத்தானே! கால் எங்கே?”

“அக்கா பைல இருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக் கொண்டுவந்திருக்கா.”

கூட்டம் ஓவென்று சிரித்தது. மேடையில் நின்ற ரெட்டைவாய் அசடு வழிந்தாள். பேச்சாளர் என்ன, என்ன என்று அவள் கையைச் சுரண்டினார். அதையும் மொழிபெயர்த்தாள். வேறு வழி?

பேச்சு அதோடு முடிந்த மாதிரிதான். யாருக்கும் குறையில்லை. கால்காரம்மா முதலில் தம்பியின் தோலைத் தடவிப் பார்த்தாள், சிவப்போ புண்ணோ இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். ஒரு உறை போட்டுக் காலை மாட்டி எழுந்து நிற்கச் சொன்னாள். ஆடியது. கழற்றி இன்னொன்று கூட்டினாள். அதற்கு மேல் இன்னும் ஒன்று.

“இப்போ?”

“பிடிக்குது” என்றான், நம்பாத குரலில்.

கூடத்தின் ஓரத்தில் இருந்த இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே அவனை நிறுத்தினார்கள். எதிர்முனையில் அக்கா போய் நின்றாள், கைகளை நீட்டிக்கொண்டு, குழந்தைக்கு நீட்டுகிற மாதிரி. பக்கத்தில் பேச்சாளர். தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி வைத்தான். பாரத்தை அந்தக் காலில் இறக்கினான். தாங்கியது. இன்னொரு அடி. அவன் நெற்றி வியர்த்தது, வாய் கோணியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை, அவள் கண்ணிலேயே தண்ணீர் நிறைந்திருந்தது.

பாதி தூரம் வந்தவன் நிமிர்ந்து அவளைப் பார்த்து ஏதோ சத்தமாகச் சொன்னான்.

“என்ன சொல்றார்?” என்று கேட்டார் பேச்சாளர்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள்.

“வழியை மறைச்சுக்கிட்டு நிக்கிறேனாம். நகரச் சொல்றான்.”

நகர்ந்தாள்.