படுக்கையறைக் கம்ப்யூட்டரின் சத்தம்

“ஜூன், முதல் செவ்வாய். சத்தம் ரிஜெக்ட். சரியாகும் வரை நைட் ஷிஃப்ட் வாரத்தில் பென்னலூர் அக்கா வீடு.”

என் மனைவி மாஸ்கிங் டேப்பில் எழுதி மானிட்டரின் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போன குறிப்பு இது. எதற்கும் தேதி போட்டு வைக்கும் வழக்கம் எனக்குத்தான் உண்டு. அவள் தேதி போட்டிருந்ததிலேயே இது விளையாட்டில்லை என்று புரிந்தது.

அவள் ஒரகடத்தில் கார் ஏசிக்கான புளோயர் மோட்டார் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். லைனின் கடைசியில் ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. மோட்டார் ஒவ்வொன்றையும் அதற்குள் ஓடவிட்டு, மீட்டர் சொல்வதோடு தன் காதாலும் கேட்டு, நல்லது கெட்டது பிரிப்பது அவள் வேலை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நைட் ஷிஃப்ட் வரும். காலையில் கம்பெனி பஸ்ஸில் வல்லக்கோட்டையில் இறங்கி வந்து பகலில் தூங்குவாள். அதே பகலில், அதே அறையில், கன்டெய்னர் லாரிகளின் டிரிப் ஷீட்டுகளை நான் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருப்பேன். ஏசி இருப்பது அந்த அறையில் மட்டும்தான். மேற்கு வெயில் அடிக்கும் ஹாலில் மதியத்துக்கு மேல் மனிதனும் உட்கார முடியாது, மெஷினும் ஓடாது.

“ஏசியும்தான் சத்தம் போடுது” என்று நான் ஒருமுறை வாதாடிப் பார்த்தேன்.

“அது ஒரே மாதிரி ஓடிக்கினு கீது. உன் பொட்டி ஏறி ஏறி எறங்குது. கண்ண மூடுனா கூண்டுல நிக்கிற மாதிரியே கீது. எத ரிஜெக்ட் பண்ணலாம்னே மனசு ஓடுது.”

அந்த வாரம் வேலை நேரத்தில் அவள் கண்ணயர்ந்து, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கியிருந்தாள். பென்னலூர் போனால் தூங்குவாள். நான் வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருப்பேன்.

மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் தூத்துக்குடிப் பையனை அழைத்தேன். ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. ஓய்வு நாட்களில் பாகங்கள் வாங்கிக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருவான். மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சின்ன ஃபேன்களைப் பார்த்ததும் சிரித்தான்.

“இத்துனூண்டு ஃபேனு. காத்து தள்ளணும்னா பேய் மாதிரி சுத்தணும்லாண்ணே? பெருசாப் போட்டா மெதுவாச் சுத்துனாலே அவ்வளவு காத்து வரும்.”

பழைய கேபினெட்டில் பெரிய ஃபேனுக்கு இடமில்லை. கேபினெட்டையே மாற்றினோம். முன்னால் 140 மில்லிமீட்டர், பின்னால் 120, பிராசஸர் மேல் உயரமான கூலரும் அதற்கொரு மெதுவான ஃபேனும். எல்லாம் நான்கு பின் இணைப்பு. சூட்டைப் பார்த்து மதர்போர்டே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஒரு நொடிச் சூட்டுக்கெல்லாம் ஃபேன் துள்ளி எழாதபடி, பயாஸ் என்னும் மதர்போர்டு செட்டிங்கில் வேகம் ஏறுவதற்குத் தாமதம் வைத்தான். நிமிடத்துக்கு அறுநூறு சுற்றுக்குப் பக்கத்தில் ஓடியபோது, காகிதத்தைப் பின்னால் பிடித்துப் பார்த்துத்தான் ஃபேன் சுற்றுவதை நான் உறுதி செய்துகொண்டேன்.

அவள் பகலில் படுத்தாள். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

“முன்னைக்கு இது மோசம். ம்ம்ம்னு ஒண்ணு. நடுவுல கொறகொறன்னு வேற. அந்த முன்னாடி ஃபேனு பேரிங் போயிடுச்சு.”

“புதுசு மைனி அது” என்றான் பையன். ஃபேன் இணைப்பை உருவிக் காட்டினான். சத்தம் அப்படியே இருந்தது. பிறகு ஹார்ட் டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தான். “இதுதான். நிமிசத்துக்கு ஏழாயிரத்து இருநூறு சுத்து. அந்த அதிர்வுல தகரமும் சேந்து பாடுது. ஃபேனு எரச்சல்ல இதுவரைக்கும் ஒளிஞ்சு கெடந்திருக்கு.”

ஒரு சத்தத்தை அடக்கினால் அடுத்தது தலை நீட்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ரப்பர் வளையம் போட்டதில் முனகல் குறைந்தது, கொறகொறப்பு போகவில்லை. கடைசியில் எஸ்எஸ்டி வாங்கினேன். அதில் சுற்றும் தட்டே கிடையாது. பழைய டிஸ்க்கை யுஎஸ்பி பெட்டியில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் செருகி பேக்கப் எடுப்பது என்று முடிவானது.

பிறகு மிச்சமிருந்தது பவர் சப்ளை. பழையதன் ஃபேன் நிற்காமல் மெல்ல இரைந்துகொண்டே இருந்தது. புதியது 550 வாட். என் வேலைக்கு அதில் எட்டில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. அதை மாட்டிவிட்டு நான் சிங்கப்பெருமாள் கோவில் வரை போய்த் திரும்பியபோது, கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. பவர் சப்ளையின் மேல், ரிஜெக்ட் என்பதற்கு அடையாளமாக அவள் ஒட்டிய சிவப்பு டேப்.

“ஃபேனு சுத்தவே இல்ல. டெட் பீஸு. சூடாயிப் பத்திக்கும்னு புடுங்கிட்டேன். கடைக்காரன் மூஞ்சியில விட்டெறி.”

எனக்கும் பயம்தான். கழற்றி, வந்த பெட்டியிலேயே போட்டுக் கட்டிவிட்டேன். விஷயம் கேட்டுப் பையன் மாடியிலிருந்து ஓடி வந்தான்.

“ஐயோ மைனி, சுத்தாம இருக்கதுக்குத்தானே இத வாங்கச் சொன்னேன்! லோடு கம்மியா இருந்தா ஃபேனு நின்னுக்கிடும். சூடு ஏறுனா தானா சுத்தும்.”

“சுத்தாத ஃபேன பாஸ் பண்ணா எங்க லைன்ல என்னைத்தான் தூக்குவாங்க, தெர்மா?”

“இங்க சுத்துனாத்தான் ரிஜெக்ட்டு!”

அவள் வெகுநேரம் சிரித்தாள். அடுத்த நைட் ஷிஃப்ட் வாரத்தில் பென்னலூர் போகவில்லை. வேலை செய்துகொண்டிருந்த எனக்குத்தான் ஒரு சந்தேகம். மெஷின் ஓடுகிறதா என்று அடிக்கடி அதன் பவர் விளக்கைப் பார்த்துக்கொண்டேன்.

இதை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஜூலையில் மழை பிடித்து, ஒரு பகல் ஏசி தேவைப்படவில்லை. அவள் படுத்து, புரண்டு, எழுந்தாள்.

“ஈஈன்னு மெலிசா ஒண்ணு கேக்குது. உனக்குக் கேக்கலயா?”

எனக்கு எதுவும் கேட்கவில்லை. பவர் சப்ளையின் சுருள்கள் சிலசமயம் கீச்சிடும், லோடு மாறும்போது அந்தச் சத்தமும் மாறும் என்று பையன் சொல்லியிருந்தான். பெரிய ஃபைல்களைத் திறந்து மூடினேன். “மாறல” என்றாள். கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். “கேக்குது.” ஹாலில் இருந்த இன்வெர்ட்டரை அணைத்து, மெயின் சுவிட்சையும் இறக்கினேன். சீலிங் ஃபேன் மெல்ல நின்றது.

“இப்ப?”

“கேக்குது.”

சன்னலைத் திறந்து நின்றேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தகரப் பட்டறையில் கம்ப்ரஸர் உண்டு. அதுவாக இருக்கலாம். “ரெண்டு காதையும் பொத்திக்கினு பாரு” என்றேன். சுவரைப் பார்த்தபடி அவள் பொத்திக்கொண்டாள். மோட்டார்களைக் கேட்கும்போதும் இப்படித்தான் நிற்பாளோ என்னவோ. கையை எடுக்க நேரமானது.

“தெர்ல” என்றாள். “நான் தூங்கணும்.”

கம்பெனியில் காது பரிசோதனைக்கு டாக்டர் வருவதுண்டு; அவரிடம் காட்டலாமே என்றேன்.

“காதுல கோளாறுன்னு எழுதிட்டா என்னைய கூண்டுல வுடுவாங்களா? பேக்கிங்ல போட்டுருவாங்க.” கட்டிலில் சாய்ந்தாள். “கரண்ட போடு. அந்த முன்னாடி ஃபேன கொஞ்சம் வேகமா வெய்யி.”

பயாஸில் முன் ஃபேனை ஆயிரம் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றினேன். அறையில் ஒரே சீரான இரைச்சல் பரவியது. சற்று நேரத்தில் தூங்கிவிட்டாள்.

பட்டறைக்காரரிடம் பிறகு கேட்டேன். அன்று கம்ப்ரஸர் ஓடியதா இல்லையா என்று அவருக்கு நினைவில்லை. பரிசோதனைக்கு அவள் இன்னும் போகவில்லை. அந்த மெல்லிய சத்தம் வெளியிலிருந்து வந்ததா, அவள் காதுக்குள்ளேயே இருக்கிறதா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.