மலைக்காட்சியுடன் ஒரு மாடி வீடு

"படிச்ச புள்ளைகளுக்கு நீட்டி எழுதத்தான் தெரியும். சுருக்கி எழுத ஏலுமா?"

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை முதலாளி கேட்டது இது. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கொமியூனிகேஷன் கடை. போட்டோ கொப்பி, போன் ரீலோட், கூடவே கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைக்கு ஞாயிறு சிறு விளம்பரம் எடுத்து அனுப்பும் வேலை. முஸ்லிம் மனிதர், எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். எனக்கும்தான்.

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்து வீடுகளில் உயர்தரப் பரீட்சை சித்தியடைந்த முதல் ஆள் நான். தமிழில் ஏ. பத்திரிகை தரும் எண்பது எழுத்துக்குள் ஒரு விளம்பரம் எழுத எனக்குத் தெரியாதா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்த மாதம்தான் எங்கள் லயத்து அக்கா ஒருவர் கடைக்கு வந்தார். எட்டு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்து, ஹட்டனில் தன் அண்ணன் கடைக்கு மேலே ஒரு மாடி கட்டி முடித்திருந்தார். திரும்பவும் போகிறார். வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன் பயணம்.

"போறதுக்குள்ள நல்ல குடும்பமா ஒண்ணு வாடகைக்கு வந்து உக்காந்திரணும் பாப்பா" என்றார். "சும்மா கெடந்தா அண்ணியோட தம்பி வந்து குந்திக்குவான். இப்பவே அளவு பாத்துட்டுப் போறான், கட்டில எங்க போடலாம்னு. ஒருக்கா உள்ள வந்துட்டா அவன எழுப்ப நான் குவைத்துல இருந்து என்ன பண்றது?"

"கவலப்படாதீங்க அக்கா. ஞாயித்துக்கெழம பாருங்க, போன் அடிச்சிக்கிட்டே இருக்கும்."

நானாவின் முன்னால் என் கைபேசியில் எழுதினேன். ஹட்டன் நகரில் எழில் மலைக்காட்சியுடன் மாடி வீடு வாடகைக்கு. 2 படு.அறை, தனி மீட்டர். முற். 3 மாதம். கடைசியில் அக்காவின் போன் இலக்கம்.

சுருக்கத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். படுக்கையறை 'படு.அறை' ஆனாலும் யாருக்கும் விளங்கும். வெறும் 'ப.அ.' என்று போட்டால் விளங்காது. முற்பணத்துக்கு 'முற்.' போதும், பக்கத்தில் '3 மாதம்' இருக்கிறதே. மின்சார மீட்டருக்கு 'மீட்டர்' என்றாலே எல்லோருக்கும் தெரியும்.

நானா எட்டிப் பார்த்தார். "மலைக்காட்சி எதுக்கு? ஹட்டன்ல மல தெரியாத ஜன்னல் எங்க ஈக்கி?"

"கொழும்பு ஆளுங்க பாக்குற பேப்பர் நானா. கொஞ்சம் அழகா இருக்கணும்."

"அழகு ஒங்களுக்கு. எழுத்து எண்ணிட்டீங்களா?"

எண்ணியிருந்தேன், விரல் விட்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி. மா ஒன்று, டி ஒன்று. புள்ளி வைத்த எழுத்தும் ஒன்று. இடைவெளியோடு எழுபத்தாறு. "நாலு மிச்சம்" என்றேன், அக்காவுக்கும் கேட்கும்படி. பத்திரிகையின் இணையப் படிவத்தில் அதை அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டு, போட்டோ கொப்பிக்கு நின்றவரிடம் திரும்பினேன். ஒட்டிய பிறகு பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, எழுதியது நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். எங்கள் லயத்துக்குப் பேப்பர் வராது. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போதும் அக்கா கைபேசியை ஜாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். பின்னேரம் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"தோட்டத்து ஆளுக வீடுன்னு தெரிஞ்சிருச்சு போல. அதான் யாரும் கூப்பிடல."

விளம்பரத்தில் அப்படி எதுவுமே இல்லை. எழுதிய எனக்கு அது தெரியும். ஆனாலும் நான் என்ன சொன்னேன்? "ஆமாங்க அக்கா, டவுன்ல அப்படித்தான் பாப்பாங்க." என் எழுத்தில் பிழை இருக்கலாம் என்று நினைப்பதைவிட எங்கள் ஆட்களை யாரும் மதிப்பதில்லை என்று நினைப்பது அந்த நேரத்தில் எனக்குச் சுகமாக இருந்திருக்கிறது. இப்போது எழுதும்போதும் முகம் சுடுகிறது.

செவ்வாய்க்கிழமை அக்கா கடைக்கு வந்தார். கையில் அந்த ஞாயிறு பேப்பர். எங்கேயோ தேடி வாங்கி, நாலாக மடித்து வைத்திருந்தார்.

"எம்பேர்ல பேப்பர்ல வந்தது. குவைத்துக்குக் கொண்டு போகப்போறேன். ஒருக்கா படிச்சுக் காட்டு பாப்பா, நானாவும் கேக்கட்டும்."

நான் சத்தமாகத்தான் வாசித்தேன். ஹட்டன் நகரில் எழில் மலைக்காட்சியுடன் மாடி வீடு வாடகைக்கு. இரண்டு படுக்கையறை, தனி மீட்டர். அதோடு கீழே ஒரு கோடு. அதற்குக் கீழே வேறு யாருடையதோ ஒரு முச்சக்கரவண்டி விற்பனைக்கு.

"அப்புறம்?" என்றார் அக்கா.

அப்புறம் ஒன்றுமில்லை. முற்பணம் இல்லை. இலக்கம் இல்லை.

"நம்பர வாசி பாப்பா. சரியா போட்டிருக்கானான்னு பாப்போம்."

"நம்பர் வரலைங்க அக்கா."

அக்கா பேப்பரை என் கையிலிருந்து வாங்கி, வாசிக்கத் தெரியாத கண்ணால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். இலக்கங்கள் அவருக்குத் தெரியும். அங்கே '2' மட்டும்தான் இருந்தது.

நானா கணினியில் படிவத்தைத் திறந்தார். அந்த வெறும் பெட்டியில் 'மா' என்று அடித்தேன். மூலையில் மீதி எண்பதிலிருந்து எழுபத்தெட்டுக்கு இறங்கியது. 'க்' அடித்தேன். எழுபத்தாறு. மெய்யெழுத்தின் வெறும் புள்ளிக்கும் ஒரு எண்ணிக்கை, காலுக்கும் கொம்புக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. எனக்கு ஒரு எழுத்து, கணினிக்கு இரண்டு. நான் ஒட்டியபோது எண்பது நிரம்பியதும் பெட்டி மிச்சத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. வெட்டு விழுந்த இடமும் முழுச் சொல்லில் முடிந்ததால் கொழும்பில் யாருக்கும் குறை தெரியவில்லை. அந்த எழில் மலைக்காட்சி மட்டும் இல்லாமலிருந்தால் இலக்கத்தில் பாதியாவது உள்ளே வந்திருக்கும். பாதி இலக்கத்தால் யாருக்குத்தான் பிரயோசனம்.

"முன்னுக்குக் கடுதாசிப் படிவம். கட்டத்துக்கு ஒரு எழுத்து" என்றார் நானா. "இது வந்து ரெண்டு மாசம்தான். எனக்கும் தெரியா புள்ள."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "அப்போ தோட்டத்து ஆளுங்கிறதுனால இல்லையா?" என்று கேட்டார், கொஞ்சம் நிம்மதியோடு. அந்த நிம்மதிதான் என்னைக் கொன்றது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசலில் வைத்து அவரிடம் நான் சொன்னதை இருவருமே நினைத்துக்கொண்டு நின்றோம்.

"இல்லைங்க அக்கா. நான் பாக்காம அனுப்பினதுனால."

அடுத்த ஞாயிறு அக்கா குவைத்தில் இருப்பார். அவர் இலக்கத்தைப் போட்டு இனிப் பயனில்லை. பெட்டிக்குள்ளேயே அடித்தேன், மூலையைப் பார்த்துக்கொண்டே. முதலில் என் இலக்கம். பிறகு: ஹட்டன் மாடி வீடு வாடகை. 2 படு.அறை, தனி மீட்டர், முற். 3 மாதம். எட்டு மிச்சம் இருந்தது. அதை அப்படியே விட்டேன். அனுப்புமுன் கடைசி இலக்கம் வரை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஆள் வர்ற வரைக்கும் அவன் வந்துட்டா?" என்றார்.

"சாவிய எங்கிட்ட குடுங்க."

வியாழக்கிழமை விடிய அக்காவை வேனில் ஏற்றிவிட்டோம். வேலை முடிந்ததும் பாய், கெட்டில், அம்மாவின் கம்பளி எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். இரவுக்கு அம்மாவும் வந்து படுப்பதாகச் சொல்லியிருந்தார். காலையில் முதல் பஸ் பிடித்தால், தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு அவர் போய்ச் சேரலாம். படியில் அக்காவுடைய அண்ணியின் தம்பி ஒரு புதுக் கட்டில் காலோடு நின்றுகொண்டிருந்தான்.

"யாரு நீ?"

"இந்த வீட்ட வாடகைக்கு விடுற ஆளு" என்று சொல்லிவிட்டு, அவனைத் தாண்டி மேலே ஏறி, கதவைத் திறந்து, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன்.