பதினொன்று நாற்பதைச் சுற்றியிருந்த கட்டங்கள்

2005 நவம்பர் 14, திங்கட்கிழமை, காலை 10.20. மூன்றாம் நாளாக விடாத மழை. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் பதினேழு படி ஏறிப் போனேன். உள்ளே ஆறு கம்ப்யூட்டர், இரண்டு ஓடவில்லை. நான் இருப்பது அரியலூர். அங்கேயும் இப்படி இரண்டு கடை இருந்தன. ஆனால் சர்வே ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் எழுத்தராக இருந்தவனை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மகன் அனுப்பும் கடிதத்தை நான் படிக்கும்போது தெரிந்தவர்கள் பக்கத்தில் நிற்பது எனக்குப் பிடிக்காது.

மகன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். மாதம் ஒரு போன், மூன்று நிமிஷம். மாதம் ஒரு மெயில். மெயிலில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவான். ஒவ்வொரு வார்த்தையையும் வாய்விட்டுச் சொன்னால்தான் விளங்கும். போன மாதப் போனில் ஒரு நிமிஷத்தை அதற்காகவே செலவழித்தேன். "இனிமே தமிழ்ல எழுது, இல்லாட்டி எழுதாத" என்றேன். அவன் "சரிப்பா, மாத்திடுறேன்" என்றான்.

மாற்றியிருந்தான். திரையில் பதினோரு வரி, அத்தனையும் வெறும் கட்டங்கள். நீள்சதுரமான சின்னக் கட்டங்கள், உள்ளே ஒன்றும் இல்லை. சர்வே எண் போடாத புலப்படம் போல இருந்தது. இடையிடையே வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி இருந்தது, காற்புள்ளி இருந்தது. ஐந்தாவது வரியில் 22 என்றும், அதற்குப் பக்கத்தில் 11.40 என்றும் இருந்தன. கடைசிக்கு முந்தின வரி முடிவில் ஒரு கேள்விக்குறி. வேறு ஒன்றையும் படிக்க முடியவில்லை.

படிக்க முடிந்த அந்த இரண்டே போதுமாக இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்னால், நவம்பர் 22, காலை 11.40. அரியலூர் பெரியாஸ்பத்திரியில் என் மனைவி போன நேரம். கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு விடாததால் மகனால் வர முடியவில்லை. நான்தான் ஏர்மெயிலில் எழுதிப் போட்டேன்: 22ஆம் தேதி, 11.40-க்கு, என் கண் முன்னால், என் கையைப் பிடித்தபடி, அமைதியாக. அதில் தேதி மட்டும்தான் நிஜம்.

இரண்டு வருஷம் கழித்து இவன் எதைக் கேட்கிறான்? யார் சொன்னார்கள்? அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

கடையை நடத்திய அம்மா பின்னால் வந்து நின்றார். லப்பைகுடிகாட்டுப் பெண், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும், கணவர் துபாயில். படிக்கத் தெரியாத பெற்றோர்களுக்கு வளைகுடாவிலிருந்து வரும் மெயிலை உரக்கப் படித்துக் காட்டுவது அங்கே வழக்கம். ரேஷன் கடையில் பேர் கூப்பிடுவது போல எட்டுப் பேருக்குக் கேட்கப் படிப்பார்.

"என்ன சார், கட்டமா வந்துருக்கா? எந்திரிங்க, நான் பாக்குறேன்." மேலே எதையோ திறந்து, எதையோ மாற்றி, திரும்ப மாற்றினார். "யூனிகோட்ல வையின்னா அதுலதான் இருக்கு. உங்க மவன் சரியாத்தான் அனுப்பிருக்காரு. நம்ம மிஷின்லதான் அதுக்கு ஃபாண்ட் எழுத்து இல்ல. வந்தா நானே படிச்சிக் காட்டிர்றேன்."

"வேணாம்மா. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

"அட, சார் கோவப்படுறாரு. எங்கத்தாவும் இப்படித்தான், கண்ணாடிய நெத்தில மாட்டிக்கிட்டு கண்ணு தெரியும்பாரு" என்று தன் அப்பாவையும் இழுத்தார்.

ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். அதே மெயிலை ஒரு பிளாப்பியிலும் போடச் சொன்னேன். காகிதத்திலும் கட்டங்கள்தான் விழுந்தன.

வீட்டில் அதை விரித்து எண்ணினேன். 402 கட்டம். முதல் வார்த்தையில் ஐந்து கட்டம், பிறகு காற்புள்ளி. 'அப்பா' என்றுதான் இருக்க வேண்டும், ஆனால் அதற்கு மூன்று எழுத்துத்தானே. ஐந்தெழுத்தில் என்னை எப்படிக் கூப்பிடுவான்? திட்டும் வார்த்தைகள் சில ஐந்தில் அடங்கின. அவற்றை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் ஜன்னல் கம்பிக்கு நடுவே கட்டம், தரை ஓட்டில் கட்டம், காலண்டரில் கட்டம். காலண்டரில் மட்டும் உள்ளே எண் இருந்தது. 22 எட்டு நாளில் வரவிருந்தது.

புதன்கிழமை, அரியலூரிலேயே, கருமாதிப் பத்திரிகை அடித்துக் கொடுத்த டி.டி.பி. கடைக்குப் பிளாப்பியோடு போனேன். படிக்க அல்ல, படிக்க முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைக்காரர் சிரித்தார். "என்னங்க சார், எங்கிட்டயா? தமிழ் எழுத்து மட்டும் நாப்பத்து மூணு தினுசு வச்சிருக்கேன்." வரிசையாக ஒவ்வொன்றாக மாற்றினார். ஏழெட்டுக்குப் பிறகு சிரிப்பு நின்றது. கட்டம் அசையவில்லை.

"தமிழ் டைப்பிங்னு வாசல்ல போர்டு வச்சிருக்கீங்க" என்றேன்.

"இது வேற சாதி சார். நம்ம எழுத்தெல்லாம் வேஷம் கட்டுனது. உள்ளுக்குள்ள கம்ப்யூட்டருக்கு அது இங்கிலீஷ் 'எம்' எழுத்துதான். அது மேல 'அ' படத்த வரைஞ்சு ஒட்டிருக்கோம். இந்தப் புள்ள அனுப்புனது நெஜமான 'அ'. அதுக்குன்னு தனி நம்பரு. அந்த நம்பருக்குப் படம் வச்சிருக்கற எழுத்து என் நாப்பத்து மூணுலயும் இல்ல."

"பிரிண்ட்ல இருந்து எடுக்க முடியாதா?"

"பேப்பர்ல விழுந்தது கட்டம் மட்டும்தான் சார். பிளாப்பிலதான் நம்பரு இருக்கு. அதுல ஒண்ணும் தொலஞ்சு போவல, பயப்படாதீங்க."

ஒன்றும் தொலையவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

18ஆம் தேதி வெள்ளிக்கிழமை திரும்பப் பெரம்பலூர். அந்த அம்மா ஓடிவந்து ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்காரவைத்தார். புதிய விண்டோஸ் எக்ஸ்பி அது ஒன்றில்தான் இருந்ததாம். இண்டர்நெட்டிலிருந்து யூனிகோட் எழுத்து ஒன்றை இறக்கி, எழுத்துகள் வைக்கும் இடத்தில் போட்டிருந்தார். மெயிலைத் திறந்தேன். கட்டங்கள் இல்லை. தமிழ் இருந்தது, ஆனால் எலும்பு முறிந்த தமிழ். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றது. புள்ளி மெய்யின் மேல் ஏறாமல் பக்கத்தில் தனியாகக் கிடந்தது. முதல் வார்த்தை: அ, ப, ஒரு புள்ளி, ப, ஒரு கால். ஐந்து. புள்ளிக்கும் காலுக்கும் தனித்தனி எண் என்பதால் மூன்றெழுத்து ஐந்து கட்டமாகியிருந்தது. அப்பா என்றுதான் கூப்பிட்டிருந்தான்.

"படம் வந்துருச்சு, அடுக்கத்தான் தெரியல அதுக்கு" என்றார் அந்த அம்மா. "எழுத்து மட்டும் பத்தாதாம் சார். புள்ளிய எங்க வைக்கணும், கொம்ப எங்க வைக்கணும்னு விண்டோஸ்க்கும் சொல்லிக் குடுக்கணும். அது விண்டோஸ் சிடில இருக்கு. திருச்சில இந்த மிஷின அசெம்பிள் பண்ணவர்ட்ட மாட்டிக்கிச்சு. திங்கக்கெழம வந்துரும், இன்ஷா அல்லாஹ். இப்பயே தத்தித் தத்திப் படிக்கலாம், படிச்சுக் காட்டவா?"

தத்திப் படிக்க என்னாலும் முடிந்திருக்கும். அந்தக் கேள்விக்குறி இருந்த வரியில் 'அம்மா' என்று இருந்ததைக் கண் பிடித்துவிட்டது. நான் மெயிலை மூடினேன். "திங்கக்கெழம ஒழுங்கா வரட்டும்" என்றேன்.

"மவன் கடுதாசிக்கு நாள் பாக்குறவரு நீங்க ஒருத்தர்தான் சார்."

21ஆம் தேதி காலை 11 மணி. சிடி வந்திருந்தது. கண்ட்ரோல் பேனலில் மொழிகள் என்ற இடத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் அந்த அம்மா டிக் போட்டார். சிடி சுழன்றது, நாலு நிமிஷம் எதையெதையோ எழுதிக்கொண்டது, கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னது. மெயிலைத் திறந்ததும் கொம்பு அதன் இடத்துக்குப் போயிருந்தது, புள்ளி மேலே ஏறியிருந்தது. பள்ளிக்கூடப் புத்தகம் போலச் சுத்தமாக இருந்தது. அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் படிக்கல சார்" என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்த ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் நான்கு வரியில் வேலை, வெயில், சாப்பாடு. பிறகு இப்படி எழுதியிருந்தான்: "22ஆம் தேதி வருகிறது. 11.40 என்று எழுதியிருந்தீர்கள். இங்கே அது பத்து மணி பத்து நிமிஷம். ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் அந்த நேரத்துக்குக் கிரேனை நிறுத்திவிட்டு நிற்கிறேன். போனில் கேட்க முடியவில்லை, இதில் கேட்கிறேன். அம்மா கடைசியில் தனியாக இல்லையே? நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள் என்று இன்னொரு தடவை எழுதினால் போதும்."

யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்கிறான், அவ்வளவுதான். அதை எழுதினால் அவனுக்கு நிம்மதி. எழுதுவதும் சுலபம். ஆனால் அவன் கிரேனை நிறுத்திவிட்டு நிற்பது நான் இட்டுக்கட்டிய ஒரு நிமிஷத்தில். இருபத்து நான்கு மாதமாக நிற்கிறான்.

எனக்குத் தமிழ் டைப் தெரியாது. நான் சொல்ல, அந்த அம்மாதான் அடிக்க வேண்டியிருந்தது. மெதுவாகத்தான் சொன்னேன். உன் அம்மா போனபோது நான் பக்கத்தில் இல்லை. பத்தே முக்காலுக்கு டீ குடிக்க ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எண்ண ஆரம்பித்தேன். ஐம்பது ஆனதும் போகலாம் என்று நினைத்தேன். நாற்பத்தெட்டுக்குப் பிறகு ரொம்ப நேரம் லாரியே வரவில்லை. ஐம்பதாவதை எண்ணிவிட்டு மேலே போனேன். 11.40 என்பது நான் கட்டிலைப் பார்த்து, பிறகு வாட்ச்சைப் பார்த்த நேரம். அவள் போன நேரம் எனக்குத் தெரியாது.

அடிக்கும் சத்தம் ஓர் இடத்தில் நின்றது. "அம்பதா, அம்பத்து ஒண்ணா சார்?" என்று கேட்டார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"அம்பது."

"அனுப்பவா?"

"அவன் பக்கத்துல கட்டமா வராதே?"

"வராதுங்க. அவரு மிஷின்ல எல்லாம் இருக்கப் போய்தான தமிழ்ல அனுப்புனாரு. நாம எழுதுனது எழுதுன மாதிரியே போய்ச் சேரும்." அனுப்பிவிட்டு, எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பக்கத்து நாற்காலியில் கேம்ஸ் ஆடிக்கொண்டிருந்தவரைச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

22ஆம் தேதி நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. 24ஆம் தேதி பெரம்பலூர் போனேன், பதில் இல்லை. 28ஆம் தேதி போனேன், வந்திருந்தது. ஒரே வார்த்தை, ஒரு முற்றுப்புள்ளி.

"சரி."

கொம்பு இல்லை, மெய்ப்புள்ளி இல்லை, பிசகுவதற்கு ஒன்றுமே இல்லாத வார்த்தை. அரைமணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னித்துவிட்ட சரியா, இனி உங்களோடு பேச ஒன்றுமில்லை என்ற சரியா, கிரேன் மேலே நின்று சொன்ன சரியா. "என்ன சார், எழுத்து சரியாத் தெரியுதா?" என்று அந்த அம்மா கேட்டார். தெரிகிறது என்றேன். அடுத்த மாதமும் போன் வந்தது, மூன்று நிமிஷம். 2007-இல் ஊருக்கு வந்து இருபத்தாறு நாள் இருந்தான். என்னோடு ஆஸ்பத்திரி வாசல் வழியாகப் பஸ்ஸில் இரண்டு தடவை போனான். இரண்டு தடவையும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தான்.

பெரம்பலூருக்குப் போய்வர ஐந்து தடவை, தடவைக்குப் பதினெட்டு, ஆக தொண்ணூறு. பிரௌசிங் ஐந்து மணி நேரம், நூறு. பிரிண்ட் மூன்று, பிளாப்பி பதினைந்து. சிடிக்காக அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லியும் நான் மேசையில் வைத்துவிட்டு வந்தது ஐம்பது. மொத்தம் இருநூற்று ஐம்பத்தெட்டு ரூபாய்.