பத்துத் தரம் எழுதிய மரணம்

நல்லூரில் நான் படித்த டியூட்டரியின் ஆங்கில வாத்தியாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யாராவது பிழைவிட்டால் அந்த வாக்கியத்தைத் திருத்திக் கரும்பலகையில் எழுதுவார். வகுப்பு முழுவதும் அதைப் பத்துத் தரம் எழுத வேண்டும். அது அவருடைய வழக்கம்.

ஒருநாள், நடந்த சம்பவம் ஒன்றை இரண்டு வரியில் எழுதச் சொன்னார். கடற்கரை ஊரொன்றிலிருந்து பஸ்ஸில் வரும் மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, தகப்பன் இரண்டு வருடங்களுக்கு முன் இறந்ததையும், அவர் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது புயல் வந்ததையும் எழுதியிருந்தாள். முதல் வரியில் 'பிஃபோர் டூ இயர்ஸ்' என்றும், அடுத்ததில் 'டியூரிங் ஹி வாஸ் ஃபிஷிங்' என்றும் போட்டுவிட்டாள். தமிழில் நினைத்து எழுதும் எவருக்கும் வரக்கூடிய பிழைதான்.

வாத்தியார் அதை உரத்து வாசித்தார்.

"இண்டையிலயிருந்து பின்னுக்கு எண்ணினா 'டூ இயர்ஸ் அகோ'. 'டியூரிங்'குக்குப் பிறகு 'த ஸ்டோர்ம்' மாதிரிப் பெயர்ச்சொல் வரவேணும். 'ஹி வாஸ் ஃபிஷிங்' எண்டா முன்னுக்கு 'வைல்'தான் போடவேணும். உது தெரியாமல் என்னத்துக்கு இங்கை வாறீர்?"

பின்வரிசை வாங்கிலிருந்த சிலர் சிரித்தார்கள். அவர் சொன்ன இலக்கணத்தில் ஒரு குற்றமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

"சரி, எல்லாரும் எழுதுங்கோ."

தகப்பன் உயிரோடிருந்த நாங்கள், 'மை ஃபாதர் டைட் டூ இயர்ஸ் அகோ' என்று பத்துத் தரம் எழுதினோம். நானும் எழுதினேன். அவளும் எழுதினாள். அவளுடைய கொப்பியில், பத்தாவது வரிக்குக் கீழே, அவர் சிவப்பு மையால் 'வெரி குட்' என்று போட்டுக் கொடுத்தார்.