தரவு மீது தீராத காதல்

நாற்பதை நெருங்கும் வயதில் ஒரு மனிதர் திடீரென்று காதல் கடிதம் எழுத உட்கார்ந்தால் மனைவி கவலைப்பட வேண்டியதுதான். நம் கணக்கர் எழுதியது பல்கலைக்கழகத்துக்கு. குளிர்பானக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு முடியில் பெரும்பகுதியை அர்ப்பணித்துவிட்டு, தரவு அறிவியலில் முதுகலை படிக்கக் கிளம்பியிருந்தார். ஏன் கிளம்பினோம் என்று ஒரு பக்கத்தில் விளக்கியாக வேண்டும்.

மனைவி அதை வாங்கிச் சத்தமாகப் படித்தார். “‘சிறுவயது முதலே தரவு மீது எனக்குத் தீராத காதல்.’ ஏங்க, இதைக் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க.”

“அப்ப எல்லாரையும் சேர்த்துக்கிட்டு மிச்சம் இருந்தாத்தான் உங்களுக்கு. அந்த பில் சமாச்சாரத்தை எழுதுங்களேன்.”

“அது சொதப்பினதாச்சே!”

தன் தவறைத் தானே எழுதிக் கொடுக்கும் கணக்கர் இன்னும் பிறக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குக் காதலே போய்ச் சேர்ந்தது.

நேர்காணலில் பேராசிரியை காகிதத்தைப் புரட்டினார். “இந்த வாரம் வந்தவங்க எல்லாருக்கும் இதே காதல்தான். நீங்களா தரவை வெச்சு ஏதாவது செஞ்சு பாத்தீங்களா?”

கணக்கர் மனப்பாடம் செய்த பதில்களில் இதற்கு ஒன்றும் இல்லை. வேறு வழியின்றி உண்மையில் இறங்கினார்.

“எல்லா பில்லையும் பாக்க முடியாது மேடம், சிலதை எடுத்துப் பாப்போம். மிச்சத்துல ஒரே பில் ரெண்டு தடவை வந்திருந்தா? அதைப் பிடிக்கப் பைத்தான் கத்துக்கிட்டு ஒரு புரோகிராம் எழுதினேன். போன வருஷ பில்லுல அது எங்கெல்லாம் தப்பாச் சொல்லிச்சோ, அங்கெல்லாம் ஒரு விதி சேர்த்தேன். மாசாமாசம் ஒரே தொகையா வர்ற வாடகையை ரெட்டை பில்லுன்னு சொல்லிச்சு; உடனே கட்டட ஓனர் பேரைப் போட்டு, இவர் வாடகையை விட்டுடுன்னு ஒரு விதி. கடைசியில ஒரு தப்புகூட வரல.”

“அப்புறம்?”

“இந்த வருஷம் வேற கட்டடம். புது ஓனரோட வாடகையெல்லாம் ரெட்டை பில்லுன்னு சொல்லிருச்சு. பழைய வருஷத்தை உருப்போட்டிருக்கு மேடம், வேற ஒண்ணும் கத்துக்கல.”

பேராசிரியை முதல் தடவையாகக் காகிதத்தைக் கீழே வைத்தார். “அதுக்கு எங்க பாடத்துல பேரே இருக்கு. ஓவர்ஃபிட்டிங். இதை ஏன் எழுதல?”

“தப்பாச்சே மேடம்.”

“இங்க எந்த மாடல்லயும் தப்பு பூஜ்யத்துக்கு வராது. கொஞ்சம் தப்பு மிஞ்சத்தான் செய்யும். தாங்குவீங்களா?”

தாங்குவேன் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பாழாய்ப்போன பழக்கம், பொய்க் கணக்கு வரவில்லை.

“கஷ்டம்தான் மேடம். ஆனா எந்தத் தப்பை விடலாம், எதை விடக்கூடாதுன்னு சொல்லித்தர எங்க ஆபீஸ்ல ஆளில்ல. அதுக்குத்தான் வரேன்.”

இடம் கிடைத்தது. வகுப்பு தொடங்குமுன் நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் படித்துத் தேற வேண்டும் என்று மட்டும் நிபந்தனை.

“எத்தனை மார்க் வாங்கணும் மேடம்?”

“நூத்துக்கு அம்பது போதும்.”

கணக்கர் நூறில் ஐம்பதைக் கழித்துப் பார்த்தார். “மிச்ச அம்பது தப்பா இருந்தா யாரும் கேக்க மாட்டாங்களா?”