மூடுபனியில் போட்ட லைட்

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, திருப்பூர், பம்பாய் என்று சுற்றி, கடைசியில் வட இத்தாலியில் மாட்டுப் பண்ணையில் சாணி அள்ளினேன். அதற்குப் பிறகு ஒரு கார் பட்டறையில் டிங்கர் வேலை. மோதின வண்டிகளைப் பார்வையிட இன்சூரன்ஸ்காரர் வருவார். அவர் சொல்லச் சொல்ல வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்ததில்தான் இத்தாலிய மொழி எனக்குப் படிந்தது. முதுகு போனதும் ஊருக்கு வந்துவிட்டேன். இங்கே அந்த மொழியில் பேச ஆளில்லை. யாராவது ஒரு காகிதத்தோடு படியேறி வந்தால் உண்டு.

அப்படி ஒரு மத்தியானம் பேராவூரணிப் பையன் ஒருவன் வந்தான். பையன் என்றாலும் முப்பது தாண்டியவன். நான் இருந்த அதே வட இத்தாலிச் சமவெளியில் பால் கறக்கிற வேலை. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் வந்திருந்தான். வருவதற்கு முன்னால் அவன் காரும் இன்னொரு காரும் மோதியிருந்தன. யாருக்கும் அடியில்லை. ஆனால் எதிராளி, விபத்து நடந்த இடத்தில் இருவரும் சேர்ந்து நிரப்ப வேண்டிய நீலப் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். இப்போது இவனுடைய இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. நடந்தது என்ன, சேதம் எங்கே என்று இத்தாலிய மொழியில் எழுதி, கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லி.

"தப்பு ரெண்டு பேர் மேலயும் பாதி பாதின்னு தீத்துட்டா பாதி ரிப்பேருக்குத்தாண்ணே கிடைக்கும். மீதிய நான் எங்க போய்ப் புரட்டுறது? வண்டி பட்டறையிலயே கிடக்கும். விடியுமுன்ன கொட்டகைக்குப் போகணும், பஸ் கிடையாது. மொதலாளி சொல்லிட்டாரு, லீவு முடிஞ்சு வர்றப்ப வண்டியோட வா, இல்லன்னா வேற ஆள் பாக்குறேன்னு."

"பேப்பரை அப்பறம் பாப்போம். வண்டி போட்டோ இருந்தா காட்டுங்க."

போனை நீட்டினான். "வலது பக்கம் பூரா போச்சுண்ணே."

"வலதா? நீங்க முன்னால நின்னு எடுத்த போட்டோ இது. சீட்ல உக்காந்து பாருங்க. அது இடது."

ஒரு நிமிஷம் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். "அட, ஆமா."

இது சின்ன விஷயமில்லை. மூடுபனியில், ஒரு வாய்க்காலைத் தாண்டி, அவன் நேர்ச்சாலையில் போயிருக்கிறான். அங்கே எல்லாரும் வலப்பக்கமாகப் போவார்கள். எதிரே வந்த கார் தன் இடது கைப் பக்கம் இருந்த கிளைச்சாலைக்குத் திரும்ப, இவன் பாதையைக் குறுக்கே வெட்டியது. எதிர்வண்டி பாதி பாதையைக் கடந்திருந்தால் இவன் வண்டியின் வலது முன்முனையில்தான் அடி விழுந்திருக்கும். இடது முன்முனையில் விழுந்தது என்றால், எதிராளி அப்போதுதான் நுழைந்தான் என்று அர்த்தம். முன் பம்பர் இடது முனை உடைந்தது, இடது ஹெட்லைட் நொறுங்கியது, இடது மட்கார்டு உள்வாங்கியது, பானெட் இடது ஓரம் மேலே மடங்கியது. ஒவ்வொன்றாக எழுதினேன். "நசுங்கியது" என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. கீறலுக்கு ஒரு சொல், உள்வாங்கியதற்கு ஒரு சொல், உடைந்ததற்கு ஒரு சொல்.

"சரி. மோதறதுக்கு முன்ன என்ன நடந்துச்சு?"

தலையைக் குனிந்துகொண்டான். "லைட் போட்டேன்ணே."

"ஹெட்லைட்டா?"

"ரெண்டு தடவ அடிச்சேன். அவன் திரும்புறதுக்கு நிக்கறது தெரிஞ்சுது. 'டேய் நான் வரேன், இருடா'ன்னு அடிச்சேன். நம்மூர்ல பஸ்காரன் அடிப்பான்ல, அது மாதிரி. அவன் என்னடான்னா சர்ருனு உள்ள வந்துட்டான்."

எனக்குப் புரிந்துவிட்டது. கும்பகோணம் ரோட்டில் எதிரே லைட் அடித்தால் ஒதுங்கு என்று பொருள். இத்தாலியில் பலர், நீ முதலில் போ என்று வழிவிடத்தான் அடிப்பார்கள். எதிராளியும் அதைத்தான் எழுதிக் கொடுத்திருந்ததாக மெயிலிலேயே இருந்தது, எனக்கு வழிவிட்டார், அதனால் திரும்பினேன் என்று.

"அந்த லைட் விஷயத்தையே விட்டுடுங்கண்ணே. யாரு பாத்தா?"

"அவன் பாத்தான். எழுதியும் குடுத்துட்டான். நீங்க எழுதலன்னா மறைச்சீங்கன்னு ஆகும். அப்பறம் இந்தப் பேப்பர்ல இருக்கற எதையும் நம்ப மாட்டாங்க."

"அப்ப எழுதினா நான் வழி விட்டேன்னு ஆயிடும்ல?"

"எப்படி எழுதறோம்கறதுல இருக்கு. ஸ்லோ பண்ணீங்களா?"

"இல்லண்ணே."

பதில் ரொம்ப வேகமாக வந்தது. நான் பேனாவை வைத்துவிட்டேன்.

"பண்ணேன். கொஞ்சம்."

அதுதான் பயம். லைட் அடித்து வேகத்தையும் குறைத்தால், வழிவிட்டதாகத்தான் யாரும் படிப்பார்கள். பிளாஸ்டிக் நாற்காலியை நடுவில் போட்டு அவனை உட்கார வைத்தேன். "ஓட்டிக் காட்டுங்க. வாய்க்கா தாண்டி வர்றீங்க. பனி. அப்பறம்?"

கையில் ஸ்டியரிங் பிடித்தான். வலது கால் தரையை அமுக்கியது. கண்ணை மூடிக்கொண்டான். "வாய்க்கா" என்று அவன் முணுமுணுத்ததும் கால் தானாக மேலே வந்தது. அதற்கப்புறம்தான் விரல் லைட்டைத் தட்டியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"பனி அடர்த்தியா வந்துச்சு, அதுக்குக் கால எடுத்தேன். அப்ப அந்த வண்டியே கண்ணுல படல. அப்பறந்தான் அவன் இண்டிகேட்டர் தெரிஞ்சுது."

"நிச்சயமா?"

"மாதா சத்தியமாண்ணே."

அப்படியே எழுதினேன். மூடுபனி காரணமாக, எதிர்வண்டியைக் காண்பதற்கு முன்பே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அதைக் கண்டதும், என் இருப்பை உணர்த்தி எச்சரிக்க ஹெட்லைட்டை இருமுறை ஒளிரவிட்டேன். முன்னுரிமையை விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. நான் நிற்கவுமில்லை, கையசைக்கவுமில்லை. இடப்பக்கம் திரும்பிய வண்டி, எதிரே நேராக வரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது. கடைசியில், பங்குப் பொறுப்பு உட்பட எந்தப் பொறுப்பையும் நான் ஏற்கவில்லை என்று ஒரு வரி. "தப்பு" என்ற வார்த்தை எங்கேயும் வரவில்லை. அவன் மேலும் வரவில்லை, எதிராளி மேலும் வரவில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியது கம்பெனி.

இத்தாலிய மொழியில் வாசித்துக் காட்டினேன். எழுதத்தான் வராது, பேச்சு புரியும்; தலையாட்டிக் கேட்டான். பாதியில் ஒரு இடத்தை அவனே திருத்தினான். "அண்ணே, கொட்டகைப் பக்கம் இப்படிச் சொல்ல மாட்டாங்க."

"பட்டறையில இப்படித்தான் சொல்லுவாங்க."

"நீங்க பட்டறைக்காரரு, நான் மாட்டுக்காரன்" என்று சிரித்தான். அப்புறம் கொஞ்ச நேரம் அந்த மொழியிலேயே பேசினோம். பனியைப் பற்றி, அங்கேயும் இருக்கிற நெல் வயல்களைப் பற்றி, பால் மெஷின் சத்தத்தைப் பற்றி. டீ சொல்லட்டுமா என்றேன். பேராவூரணி பஸ் போய்விடும் என்று எழுந்துவிட்டான். படியில் இறங்கும்போது, "ஆள் இல்லாத ஊருண்ணே அது. பேசணும்னா மாடுதான்" என்றான். தெரியும் என்றேன்.

சம்பா நாற்று வேர் பிடித்துக் கிளைத்த சமயம் அவனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. காரின் இடது மட்கார்டு புதுசு, மற்ற பெயின்ட்டை விடக் கொஞ்சம் வெளிச்சமாக. கீழே குரல் பதிவு: "அண்ணே, முழுப் பொறுப்பும் அவன் மேலன்னு தீத்துட்டாங்க. லைட் எச்சரிக்கைதான்னு ஒத்துக்கிட்டாங்க. அடிபட்ட இடமும் அதுக்குச் சரியா இருக்குன்னு எழுதியிருக்காங்க. நாளைலருந்து வேலைக்குப் போறேன்."

அவன் குரலுக்குப் பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை அதற்காகவே கேட்டேன். சந்தோஷம், பனியில் பார்த்துப் போங்க என்று இத்தாலிய மொழியில் பதில் போட்டேன். இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் வரவில்லை. வேலைக்குப் போகிறவனுக்கு ஏது நேரம்.

சாப்பிடக் கீழே இறங்கினேன். ரோட்டைக் கடக்கப் போனபோது மன்னார்குடி பஸ் இரண்டு தடவை லைட் அடித்தது. நின்றுகொண்டேன். அது போனது.